கேட், கிரில் வேலைக்கு கொட்டேஷன் எழுதுவது: அட்வான்ஸ், வேலையின் எல்லை, மாற்றத்துக்கான காசு

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் கேட், கிரில், ஷெட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பர்கூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, பாலக்கோடு என்று பக்கத்து ஊர்களில் புதிதாகப் பட்டறை போட்ட தம்பிகள் போனில் கேட்கும் சந்தேகம் பெரும்பாலும் வெல்டிங்கைப் பற்றி இல்லை, காசைப் பற்றித்தான். ஒரே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வருகிறது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கேட்டை எடுத்துக்கொண்டேன்: 12 அடி அகலம், 5 அடி உயரம், ரெட்டைக் கதவு. விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா, கொட்டேஷன், எஸ்டிமேட், பில் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. எஸ்டிமேட் என்பது தோராயம். "முப்பதிலிருந்து முப்பத்தஞ்சுக்குள்ள ஆகும்" என்று வாயால் சொல்வதும் எஸ்டிமேட்தான். கொட்டேஷன் என்பது "இந்த அளவில், இந்தப் பொருளில், இந்த விலைக்குச் செய்து தருகிறேன்" என்று நாம் கொடுக்கும் வாக்கு. பார்ட்டி அதற்குச் சரி சொல்லிவிட்டால் அது ஒப்பந்தம். அப்புறம் அதே அளவில், அதே பொருளில் நாமாக விலையைக் கூட்ட முடியாது. பில் என்பது வேலை முடிந்த பிறகு கொடுப்பது.

தோராயமாகச் சொல்லும்போது அதைத் தோராயம் என்றே சொல்லுங்கள். இடத்தைப் பார்க்காமல், டேப் பிடிக்காமல் போனிலேயே கொட்டேஷன் கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்ல ரேட் அனுப்பினா போதாதா? லெட்டர்ஹெட்டுல அடிச்சுக் கொடுத்தாத்தான் செல்லுமா?

லெட்டர்ஹெட் கட்டாயம் இல்லை. நோட்டுத் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை. அதில் தேதி, அளவு, பொருள், தொகை, பணம் எப்போது எவ்வளவு என்பது இருக்க வேண்டும். அவர் பக்கத்திலிருந்து "ஓகே, ஆரம்பிங்க" என்று ஒரு வரி திரும்பி வர வேண்டும். கட்டைவிரல் படத்தோடு விட்டுவிடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் ஒரு சின்னப் படமும் வரைந்து சேர்ப்பேன். கேட்டை வீட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படிப் பெட்டி போட்டு, அடியில் தகடு எத்தனை அடி, மேலே கம்பி எத்தனை அடி, கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்று அம்புக்குறி போடுவேன். பேச்சில் வரும் பாதிச் சண்டை இந்தப் படத்தில் நின்றுவிடும்.

சதுர அடிக்கு இவ்வளவுன்னு சொன்னா முடிஞ்சுது. பைப் கனம், கேஜ் எல்லாம் எதுக்கு எழுதணும்?

50-க்கு 50 மி.மீ. சதுர பைப், 2 மி.மீ. கனத்தில், 6 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 18 கிலோ வரும். அதே பைப் 1.2 மி.மீ. கனத்தில் 11 கிலோதான். பெயிண்ட் அடித்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்கள் 2 மி.மீ. போட்டு 550 சொல்கிறீர்கள். அடுத்த பட்டறையில் 1.2 போட்டு 450 சொல்கிறார். கொட்டேஷனில் கனம் இல்லையென்றால் பார்ட்டிக்கு நீங்கள் நூறு ரூபாய் அதிகம் கேட்கும் ஆள், அவ்வளவுதான். கனம் எழுதியிருந்தால் அவரே அங்கே போய் "உங்க பைப் எத்தனை மி.மீ.?" என்று கேட்பார்.

இன்னொரு காரணம், மாற்றத்துக்குக் காசு கேட்பதற்கு அடிப்படையே இந்த விவரம்தான். எதிலிருந்து மாறியது என்று காட்ட முடிந்தால்தான் கூடுதலாகக் கேட்க முடியும்.

சரி, அந்த 550 எப்படி வந்துச்சு? கணக்கைக் காட்டுங்க.

12-க்கு 5 கேட், 60 சதுர அடி. சட்டத்துக்கு 50-க்கு 50, 2 மி.மீ. பைப் மூன்று, 54 கிலோ. இரண்டு பக்கம் நிற்கும் தூணுக்கு 75-க்கு 75, 3 மி.மீ. பைப் ஒன்று, 41 கிலோ. கீழே இரண்டடி உயரத்துக்கு 16 கேஜ் தகடு. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் ஆறுக்கு இரண்டு அளவில் இரண்டு துண்டு வெட்டலாம், அதனால் ஒரே ஷீட் போதும், 37 கிலோ. மேலே 12 மி.மீ. சதுரக் கம்பி, 34 கிலோ. மொத்தம் 166 கிலோ. கிலோ 75 என்று வைத்தால் 12,450.

கீல், தாழ்ப்பாள், பூட்டுக்கான பட்டை எல்லாம் 2,200. வெல்டிங் ராடு, கட்டிங் வீல், கரண்ட் 1,300. பிரைமர், பெயிண்ட், தின்னர் 1,550. ஆகப் பொருள் செலவு மட்டும் 17,500. வெல்டரும் உதவியாளும் சேர்ந்து நாளுக்கு 1,700 என்றால் ஐந்து நாளைக்கு 8,500. சின்ன யானை வண்டி வாடகையும் மாட்டும் கூலியும் 2,000. இதுவரை 28,000. பட்டறை வாடகை, மெஷின் தேய்மானம், என் வருமானம் எல்லாம் சேர்த்து 5,000. மொத்தம் 33,000. அறுபதால் வகுத்தால் 550.

பார்ட்டிக்கு இந்த உள்கணக்கைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் நம் நோட்டில் இது இருந்தே ஆக வேண்டும். அட்வான்ஸ், மாற்றம், ரத்து எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்? பாதி கேட்டா முறைக்கிறாங்க.

பாதி, கால் என்று கேட்காமல் பொருள் செலவைப் பார்த்துக் கேளுங்கள். மேலே உள்ள கணக்கில் பொருள் 17,500. அதனால் அட்வான்ஸ் 18,000. "இரும்பு, பெயிண்ட் வாங்க இவ்வளவு ஆகும், அதுதான் கேட்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலோருக்குப் புரிகிறது. தனி அளவுக்குச் செய்யும் கேட் வேறு வீட்டுக்குப் பொருந்தாது. அதற்கு நம் கைக்காசைப் போடக் கூடாது.

இரண்டாவது தவணை 11,000. அதை வாங்கும் நேரம் முக்கியம். வெல்டிங் முடிந்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பார்ட்டியைப் பட்டறைக்கு வரச்சொல்லிக் காட்டுங்கள். அவர் அளவைப் பார்க்கட்டும், கதவை ஆட்டிப் பார்க்கட்டும். ஏதாவது மாற்ற வேண்டுமானால் அப்போதே சொல்லிவிடுவார். பெயிண்டுக்குப் பிறகு மாற்றினால் செலவு இரட்டிப்பு. அன்றைக்கே 11,000 வாங்கிவிட்டால், பாக்கி 4,000 மட்டும் மாட்டி முடித்த அன்று. அந்தக் கடைசித் தொகை ஏன் சின்னதாக இருக்க வேண்டும் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்ககிட்ட அட்வான்ஸ் கேட்க கூச்சமா இருக்கு. "மாங்கா காசு வந்ததும் மொத்தமா தர்றேன்"ங்கிறாங்க.

மாமன் மச்சானாக இருந்தாலும் இரும்புக் கடைக்காரர் நம்மிடம் அன்றைக்கே காசு கேட்கிறார். நான் இப்படிச் சொல்வேன்: "கூலியைப் பொறுமையா வாங்கிக்கிறேன் மாமா, இரும்புக்கு மட்டும் கொடுத்துடுங்க." பொருள் செலவை அவர் கொடுத்துவிட்டால், மீதி தாமதமானாலும் நமக்குக் கடன் ஏறாது.

மாங்காய்க் காசு என்பது இந்தப் பக்கத்தில் உண்மையான வருமானம். அவர் ஏமாற்றச் சொல்வதில்லை. ஆனால் காய்ப்பு குறையலாம், விலை விழலாம், அறுவடை தள்ளிப்போகலாம். அதனால் "மாங்காய் வந்ததும்" என்று எழுதாமல் "ஜூலை 15-க்குள்" என்று ஒரு தேதியை எழுதுங்கள். தேதி இருந்தால்தான் அதற்கு மறுநாள் தயங்காமல் போன் செய்ய முடியும்.

எது எது நம்ம வேலை இல்லைன்னு எழுதணுமா? ஆரம்பத்துலயே இல்லை இல்லைன்னு எழுதினா நல்லாவா இருக்கும்?

எழுதியே ஆக வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு புது வீடு. வாசலில் மண்தரைதான் இருந்தது. மட்டம் பார்த்து, தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி கேட்டை மாட்டிவிட்டு வந்தோம். கதவு விரலால் தள்ளினால் போகும், அவ்வளவு நன்றாக இருந்தது. மூன்று வாரம் கழித்துக் கொத்தனார் வந்து, கார் ஏற வசதியாக வாசலில் நாலு அங்குலம் கான்கிரீட் போட்டுவிட்டார். அப்புறம் கேட் திறக்கவே இல்லை, அடிப்பக்கம் கான்கிரீட்டில் புதைந்து நின்றது. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அளவு தப்பா எடுத்துட்டீங்க" என்றார். நான் எங்கும் எதுவும் எழுதி வைக்கவில்லை. இரண்டு ஆள், ஒன்றரை நாள். கீலை அறுத்து, கேட்டைத் தூக்கி மறுபடி பற்றவைத்து, தீய்ந்த இடத்துக்கெல்லாம் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். ஒரு ரூபாய் கேட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு என் எல்லா கொட்டேஷனிலும் இந்த வரி உண்டு: "அளவு எடுக்கும் நாளில் உள்ள தரைமட்டத்துக்கும் தூண் இடைவெளிக்கும் கேட் செய்யப்படும். பிறகு தரை உயர்த்தினாலோ, தூணுக்குப் பூச்சு பூசினாலோ, அதற்காகக் கேட்டை மாற்றும் வேலை தனி." பூச்சையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு தூணுக்கும் பூசினால் இடைவெளி ஒரு அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிடும், கதவு இரண்டும் நடுவில் முட்டும்.

தரையைத் தவிர நான் வழக்கமாக எழுதுவது நாலே விஷயம். தூண் நட குழி எடுப்பதும் கான்கிரீட் போடுவதும் கொத்தனார் வேலை. வேலை நடக்கும் இடத்தில் வெல்டிங்குக்குக் கரண்ட் பார்ட்டி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர் வாடகை தனி. பழைய கேட்டைக் கழற்றுவது இதில் சேராது. பெயிண்ட் ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எனாமல், ஒரே நிறம். சாமி உருவம், பெயர் எழுத்து, தங்க நிறப் பூச்சு இவையெல்லாம் தனி.

"இல்லை" என்று எழுதத் தயக்கமாக இருந்தால், "இந்த விலையில் சேர்ந்தவை", "தனியாகக் கணக்கிடப்படுபவை" என்று இரண்டு தலைப்பு போடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

கொட்டேஷன் கொடுத்து ரெண்டு மாசம் கழிச்சு வந்து, அதே ரேட்டுக்குச் செய்ங்கறாங்க. இரும்பு விலை ஏறிடுச்சே?

"இந்த விலை ஏழு நாளைக்கு மட்டும்" என்று எழுதுங்கள். கூடவே, "அட்வான்ஸ் வந்த நாளிலிருந்து விலை மாறாது" என்றும் எழுதுங்கள். இரண்டாவது வரி பார்ட்டிக்குத் தைரியம் கொடுக்கிறது, சீக்கிரம் அட்வான்ஸ் கொடுக்கவும் வைக்கிறது. ஆனால் அட்வான்ஸ் வாங்கிய அன்றோ மறுநாளோ இரும்பை வாங்கிவிட வேண்டும். அந்தக் காசை வேறு வேலைக்குத் திருப்பிவிட்டு, விலை ஏறியதும் பார்ட்டியிடம் கேட்பது முறையில்லை.

"அரை அடிதானே, தகட்டைக் கொஞ்சம் தூக்கிப் போடுங்க"ன்னு நடுவுல சொல்றாங்க. இதுக்கு எப்படிக் காசு போடறது?

இந்த அரை அடியை மேலே சொன்ன கேட்டிலேயே பார்க்கலாம். இரண்டடித் தகட்டுக்கு ஒரு ஷீட் போதும் என்றேன். இரண்டரை அடி என்றால் ஆறுக்கு இரண்டரை அளவில் இரண்டு துண்டு வேண்டும். ஷீட்டின் அகலம் நாலடி, அதில் இரண்டரை ஒன்றுதான் வரும். ஆக இரண்டு ஷீட் வேண்டும். அரை அடி என்று அவர் சொல்வது நமக்கு 37 கிலோ இரும்பு, கிட்டத்தட்ட 2,800 ரூபாய்.

இதை எப்போது சொல்கிறார் என்பதைப் பொறுத்து விலை மாறும். இரும்பு வாங்கும் முன் சொன்னால் ஒரு ஷீட் விலை 2,800 மட்டும், கூலி எதுவும் இல்லை. தகடு வெட்டி, நடுப் பைப்பைப் பற்றவைத்த பிறகு சொன்னால், வெட்டிய துண்டு உதவாது. புதிதாக இரண்டு ஷீட் 5,600, நடுப் பைப்பை அறுத்து மேலே ஏற்றிக் கம்பிகளைக் குறைக்க ஒரு நாள் கூலி 1,700, ஆக 7,300. வெட்டிய பழைய துண்டு வேறு கேட்டுக்கு ஆகுமென்றால் அதன் விலையைக் கழித்துவிடுவேன். இன்னொரு வழியும் உண்டு. முதல் ஷீட்டில் மிச்சமான இரண்டுக்கு நாலு துண்டிலிருந்து அரை அடிப் பட்டைகள் வெட்டி, மேலே ஒட்டுப் போடலாம். அதற்கு ஒரு நாள் கூலி 1,700 மட்டும்தான். ஆனால் கிரைண்டிங் எவ்வளவு செய்தாலும் வெயில் சாய்வாக அடிக்கும்போது தகட்டில் ஒட்டுக் கோடு தெரியும். அதைப் போட்டோ காட்டிச் சொல்லி, அவரே தேர்ந்தெடுக்கட்டும். பெயிண்டுக்குப் பிறகு என்றால் இதற்கு மேல் சுரண்டுவது, மறுபடி பிரைமர், பெயிண்ட் என்று இன்னும் ஒரு நாள் கூலியும் பெயிண்ட் செலவும் சேரும்.

கொட்டேஷனில் இவ்வளவும் எழுத வேண்டாம். "இரும்பு வாங்கும் முன் மாற்றினால் பொருள் வித்தியாசம் மட்டும். வெட்டிய பிறகு மாற்றினால் பொருளும் நாள் கூலி 1,700-ம், குறைந்தது அரை நாள். பெயிண்டுக்குப் பிறகு மாற்றினால் மறு பெயிண்ட் செலவும் சேரும்" என்று எழுதினால் போதும். முகம் சுளிக்காமல் பேசும் நேரத்திலேயே இந்த நாள் கூலியைச் சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் அது பேரமாகிவிடும்.

குறைச்சா காசு குறைக்கணுமா? பூட்டுப் பட்டை வேண்டாம்னுட்டாங்க.

ஆமாம், அதே கணக்குதான். வாங்கும் முன் சொன்னால் அந்தப் பொருளின் விலையைக் குறைத்துவிடுங்கள். வாங்கி, பொருத்திய பிறகு என்றால் குறைக்க முடியாது, கழற்றிய பொருளை அவரிடமே கொடுத்துவிடலாம். இதில் நேர்மையாக இருந்தால்தான் கூட்டும்போது நம்புவார்கள்.

வீட்டுக்காரம்மா வந்து ஒண்ணு சொல்றாங்க, அவர் போன்ல வேற சொல்றார், இன்ஜினியர் மூணாவதா ஒண்ணு. யார் பேச்சைக் கேட்கறது?

அட்வான்ஸ் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள்: "மாத்தணும்னா யார் சொல்லணும்? ஒருத்தர் பேரை எழுதிக்கிறேன்." அவர் மனைவி பெயரைச் சொன்னாலும் சரி, இன்ஜினியர் பெயரைச் சொன்னாலும் சரி. அந்த ஒருவரின் நம்பரிலிருந்து எழுத்தில் வராத மாற்றத்தைச் செய்யக் கூடாது.

மற்றவர்கள் சொன்னால் மறுக்க வேண்டாம். "நல்லாத்தான் இருக்கும்மா, 1,700 கூடுதல் ஆகும், ரெண்டு நாள் தள்ளும். சார்கிட்ட ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க" என்று விலையையும் நாளையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதி மாற்றங்கள் அந்த மெசேஜ் வராமலே நின்றுவிடும். மெசேஜ் வரும்வரை அந்தப் பகுதியைத் தொடாமல் வேறு பகுதியைச் செய்யுங்கள்.

நாள் தள்ளும் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். தை, ஆவணி மாதங்களில் கிரகப்பிரவேச முகூர்த்தத்தோடு கேட்டும் கட்டிப்போடப்பட்டிருக்கும். மாற்றத்துக்குக் காசு கொடுத்தவர்கூட நாள் தள்ளினால் பொறுக்கமாட்டார்.

ஜிஎஸ்டி போடணுமா, வேண்டாமா?

பதிவு இல்லையென்றால் ஜிஎஸ்டி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. காம்போசிஷனில், அதாவது விற்பனையில் சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில் இருப்பவரும் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. வழக்கமான பதிவு உள்ளவர் இரும்புக் கேட்டுக்கு 18 சதவீதம் போட வேண்டும். நம் 33,000-க்கு 5,940 வரும், மொத்தம் 38,940. அதனால் கொட்டேஷனில் "ஜிஎஸ்டி உட்பட" அல்லது "ஜிஎஸ்டி தனி" என்பதைத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அந்த 5,940 உங்கள் லாபத்தைவிடப் பெரிய தொகை. தரையில் பதித்து மாட்டிக் கொடுக்கும் வேலையில் அட்வான்ஸ் வாங்கும்போதே வரி கட்ட வேண்டி வருமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்துட்டு பாதியில வேண்டாம்னுட்டாங்க. திருப்பித் தரணுமா? "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது"ன்னு எழுதிட்டா போதுமா?

அப்படி எழுதினாலும் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஆக, நமக்கு ஆன நஷ்டத்தைக் கணக்காகக் காட்ட வேண்டும்.

நம் கேட்டில் சட்ட பைப்பும் தகடும் வெட்டி, இரண்டு நாள் வேலை முடிந்தபோது ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலி 3,400. வெட்டிய இரும்பு 91 கிலோ. வாங்கியது 75, பழைய இரும்பாகப் போட்டால் 35 என்றால் கிலோவுக்கு 40 நஷ்டம், 3,640. வெட்டாத தூண் பைப்பும் கம்பியும், பிரிக்காத கீலும் பெயிண்டும் அடுத்த வேலைக்கு ஆகும், அதில் நஷ்டம் இல்லை. மொத்தம் 7,040 பிடித்துக்கொண்டு 18,000-ல் 10,960 திருப்பிக் கொடுப்பது நியாயம். கொட்டேஷனிலும் அப்படியே எழுதுங்கள்: "ரத்து செய்தால், அதுவரை ஆன கூலியும் வெட்டிய பொருளின் நஷ்டமும் போக மீதி திருப்பித் தரப்படும்." இரும்புக் கடை பில்லையும் ஆள் வருகை நோட்டையும் பத்திரமாக வையுங்கள், கணக்குக் கேட்டால் காட்ட அவைதான்.

ஓசூர் கம்பெனி ஒண்ணு ஷெட் வேலை தர்றாங்க. அட்வான்ஸ் கிடையாது, பர்ச்சேஸ் ஆர்டர் தர்றோம், 90 நாள்ல பணம்ங்கிறாங்க. எடுக்கலாமா?

முதலில் உங்கள் பட்டறைக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆர்டர் வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கொட்டேஷனில் உத்யம் எண்ணைப் போட்டு, "பணம் 45 நாளுக்குள்" என்று எழுதுங்கள். பல கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படியும் பொருள் செலவு நம் தலையில்தான். அதனால் "இரும்பை நீங்களே வாங்கி இறக்கிக் கொடுங்க, நான் கூலிக்குச் செய்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். லாபம் குறையும், ஆனால் கடன் வாங்க வேண்டாம். அவர்கள் இறக்கும் பொருளைத் தராசில் போட்டு எடையை எழுதி வாங்குங்கள். சேதாரத்துக்கும் வெட்டு மிச்சத்துக்கும் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று, அவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். உங்கள் கொட்டேஷனில் உள்ள மாற்றக் கூலி அதில் இல்லையென்றால், "கொட்டேஷன் எண் இத்தனை, தேதி இதன்படி" என்று ஆர்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

எழுதாமலே கூடுதல் வேலை செஞ்சுட்டேன். சைடுல ஒரு சின்ன கேட்டு கேட்டாங்க, செஞ்சு மாட்டியும் கொடுத்துட்டேன். இப்ப "அது அதுலயே சேர்ந்தது"ங்கிறாங்க.

உரிமை இருக்கிறது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, இலவசம் என்று நினைக்காமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் இனாமாகச் செய்யவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். முதல் கொட்டேஷனில் படம் இருந்தால், அதில் சின்ன கேட் இல்லை என்பதே உங்கள் சாட்சி. இரண்டாவது கேள்வியில் படம் வரையச் சொன்னது இதற்கும்தான்.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய தொகை இல்லை இது. பொருள் செலவையும் கூலியையும் தனியாக எழுதி, உங்கள் லாபத்தை விட்டுக்கொடுத்து, ஒரு தொகை சொல்லுங்கள். லாபம் இல்லாத கணக்கைக் காட்டியபோது பெரும்பாலும் கொடுத்துவிட்டார்கள்.

கேட் மாட்டியாச்சு. கடைசி பாக்கி தரமாட்டேங்கறாங்க. ஆளைக் கூட்டிட்டுப் போய் கழட்டிட்டு வந்துடலாமா?

வேண்டாம். அவர் தரையில் பதித்து, பற்றவைத்து மாட்டிய பிறகு அது அவர் வீட்டின் பகுதி. அவர் அனுமதி இல்லாமல் உள்ளே போய் அறுத்து எடுத்தால் போலீஸ் புகார் நம்மேல்தான் வரும். ஊரில் ஒருவர் அப்படிக் கழற்றிக்கொண்டு வந்து, 6,000 பாக்கிக்காக ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்ததைப் பார்த்தேன். கடைசித் தவணையை 4,000 என்று சின்னதாக வைக்கச் சொன்னது இதனால்தான். கேட் நம் பட்டறையில் இருக்கும்வரை அவருக்கு அவசரம், மாட்டிய பிறகு நமக்குத்தான் அவசரம்.

பாக்கி நின்றுவிட்டால் முதலில் என்ன குறை என்று கேளுங்கள். பல சமயம் தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்கும், ஒரு இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும், அதைச் சொல்லாமல் பணத்தை நிறுத்தியிருப்பார்கள். ஒரு ஆளை அனுப்பிச் சரிசெய்து, "சரியாக இருக்கிறது" என்று மெசேஜ் வாங்கிக்கொண்டு தொகையைக் கேளுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் கொட்டேஷன், அவர் அனுப்பிய ஓகே, வாங்கிய பணத்துக்கு ரசீது, மாட்டிய அன்று எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனாலே பலர் கொடுத்துவிடுகிறார்கள். நோட்டீஸ் செலவுக்குத் தகுந்த தொகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.